கணக்குப் பயிற்சிக்கு ஒரு சிறிய அட்டவணை: என்ன எழுதுவது, எப்போது திரும்பப் பார்ப்பது?

கேள்வி: குரூப் 4 தேர்வுக்காகத் தினமும் கணக்குப் பகுதியில் மாதிரித் தேர்வு எழுதி, தேதியையும் மதிப்பெண்ணையும் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். 25-க்கு 14, 17, 15 என்று ஏறி இறங்குகிறதே தவிர, முன்னேறுகிறேனா என்பது தெரியவில்லை. போட்ட கணக்கையே இரண்டு வாரம் கழித்துப் போட்டால் மறுபடி தவறுகிறது. அட்டவணையை எப்படிப் போட வேண்டும்?

பதில்: மதிப்பெண்ணைக் குறித்து வைப்பதால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. 17 என்ற எண், அன்றைய வினாத்தாளில் உங்களுக்குப் பழக்கமான கணக்குகள் எத்தனை வந்தன என்பதையே பெரும்பாலும் காட்டுகிறது. மேலும், குரூப் 4-இல் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால், நான்கு விடைகளில் ஒன்றை ஊகித்துக் குறித்துச் சரியானதும் அந்த 17-க்குள் கலந்துவிடுகிறது. ஆகவே உங்கள் அட்டவணையின் ஒரு வரி என்பது ஒரு நாளின் தேர்வாக இல்லாமல், ஒரு கணக்கின் மீது நீங்கள் செய்த ஒரு முயற்சியாக இருக்க வேண்டும்.

ஏழு பத்திகள் போதும்: முயன்ற தேதி, கணக்கின் வகை, அது எங்கே இருக்கிறது (எந்தத் தாள், எத்தனையாவது வினா), எடுத்துக்கொண்ட நிமிடம், நிலை, தவறின் காரணம், அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி. இவற்றுள் நிலை என்னும் பத்தியில்தான் நேர்மை வேண்டும். விடை வரவில்லை, தவறாக வந்தது, ஊகித்தேன் ஆகிய மூன்றுக்கும் 0 போடுங்கள். ஊகித்த விடை சரியாக இருந்தாலும் 0-தான். சொந்தமாகப் போட்டுச் சரியாக வந்து, ஆனால் நேரம் அதிகமானாலோ வழியில் தடுமாறினாலோ 1. நேரத்துக்குள் தடுமாற்றமில்லாமல் வந்தால் 2. 2 பெற்ற கணக்கு அடுத்த மறுபார்வையிலும் அப்படியே வந்தால் 3.

நேரம் என்பதற்கு ஓர் எல்லை வேண்டும். மொத்தம் 200 வினாக்களுக்கு 3 மணி நேரம், அதாவது சராசரியாக ஒரு வினாவுக்கு 54 நொடி கிடைக்கிறது. தமிழ்ப் பகுதியிலும் பொது அறிவிலும் பல வினாக்கள் அதைவிட விரைவாக முடியும் என்பதால் கணக்குக்கு 2 நிமிடம் வரை கொடுக்கலாம். 25 கணக்குக்கு 50 நிமிடம் போக, மீதி 175 வினாக்களுக்கு 130 நிமிடம் இருக்கும். விடைத்தாளில் வட்டத்தை நிரப்பும் நேரமும் அதற்குள்தான் அடங்க வேண்டும். எனவே 2 நிமிடத்துக்கு மேல் போன எதற்கும் 2 என்ற நிலையைக் கொடுக்காதீர்கள்.

அடுத்த தேதி நிலையிலிருந்தே பிறக்கிறது: 0 என்றால் மறுநாள், 1 என்றால் 3 நாள் கழித்து, 2 என்றால் 7 நாள், 3 என்றால் 21 நாள். அந்த 21-ஆம் நாளிலும் நேரத்துக்குள் வந்துவிட்டால் அந்தக் கணக்கை அடித்துவிடலாம். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது ஒரே மூச்சில் பலமுறை பார்ப்பதைவிட நினைவில் நிற்கிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885-இல் எழுதிய காலத்திலிருந்து நாம் அறிவோம். ஆனால் 1, 3, 7, 21 என்ற இந்த எண்கள் வேதவாக்கு அல்ல. கணக்கிட எளிதாக இருப்பதால் நான் பரிந்துரைப்பவை, அவ்வளவுதான்.

ஒரு கணக்கை எடுத்து இதை நடத்திப் பார்ப்போம். ஒரு வேலையைக் குமார் 12 நாட்களிலும் ரவி 18 நாட்களிலும் முடிப்பர். இருவரும் சேர்ந்து தொடங்கினர், ஆனால் வேலை முடிவதற்கு 3 நாட்களுக்கு முன் குமார் விலகிவிட்டார். மொத்தம் எத்தனை நாட்களில் வேலை முடிந்தது? 12, 18 ஆகியவற்றின் மீ.சி.ம. 36 என்பதால் மொத்த வேலையை 36 பங்கு என்று கொண்டால், குமார் நாளுக்கு 3 பங்கு, ரவி 2 பங்கு. குமார் விலகாமல் இருந்திருந்தால் அந்த 3 நாளில் 9 பங்கு கூடுதலாகச் செய்திருப்பார். ஆக 36-உடன் 9 சேர்த்து 45, அதை நாளுக்கு 5 பங்கால் வகுக்க 9 நாட்கள். இதைப் போடும் ஒருவருக்கு 13½ நாள் என்று வந்தால் கணக்குத் தெரியாததால் வந்ததல்ல: "முடிவதற்கு 3 நாட்களுக்கு முன்" என்பதை அவர் "தொடங்கி 3 நாட்களுக்குப் பின்" என்று வாசித்திருக்கிறார். (3 நாளில் 15 பங்கு, மீதி 21 பங்கை ரவி மட்டும் செய்ய 10½ நாள்.) அட்டவணையில் அது இப்படி ஏறும்:

| தேதி | வகை | எங்கே | நிமிடம் | நிலை | காரணம் | அடுத்து |
|---|---|---|---|---|---|---|
| 3-6 | வேலை: இடையில் விலகல் | தாள் 4, வினா 167 | 4 | 0 | வாசிப்பு | 4-6 |
| 4-6 | அதே கணக்கு | ,, | 3 | 1 | நேரம் | 7-6 |
| 7-6 | எண் மாற்றியது | நோட்டு | 1½ | 2 | – | 14-6 |
| 14-6 | "தொடங்கி 4 நாளில்" விலகல் | நோட்டு | 2½ | 1 | வாசிப்பு | 17-6 |

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். இரண்டு முறை பார்த்த கணக்கை மூன்றாம் முறை எடுக்கும்போது, "விடை 9" என்பது முதல் வரியைப் படித்தவுடனே நினைவுக்கு வந்துவிடும். அப்போது நீங்கள் சோதிப்பது வழியை அல்ல, விடையை. எனவே மூன்றாம் முயற்சியில் எண்களை மாற்ற வேண்டும்: குமார் 20 நாள், ரவி 30 நாள், முடிவதற்கு 5 நாட்களுக்கு முன் விலகல். 60 பங்கு, நாளுக்கு 3 மற்றும் 2. 60-உடன் 15 சேர்த்து 75, 5-ஆல் வகுக்க 15 நாட்கள். எண்ணை மாற்றும்போது பழைய விடையே மறுபடி வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 10, 15 நாள் என்று வைத்து 5 நாட்களுக்கு முன் விலகல் என்றால் மறுபடியும் 9-தான் வரும். நான்காவது முறை வினாவின் வடிவத்தையே திருப்புங்கள். முதல் எண்களையே வைத்து, தொடங்கி 4 நாட்களில் குமார் விலகினார் என்றால் 4 நாளில் 20 பங்கு, மீதி 16 பங்குக்கு ரவிக்கு 8 நாள், மொத்தம் 12 நாள். இங்கே ஒருவர் தடுமாறினால், முந்தைய வெற்றி பாதி மனப்பாடம் என்பது வெளிப்படுகிறது. இரண்டு வாரத்தில் மறுபடி தவறுகிறது என்கிறீர்களே, அது பெரும்பாலும் இந்த இடம்தான்.

வகை என்ற பத்தியில் "காலம், வேலை" என்று பாடத்திட்டத் தலைப்பை அப்படியே எழுதுவது பயன்படாது, ஏனெனில் இருவர் சேர்ந்து செய்வதும், இடையில் விலகுவதும், குழாய் நிரப்புவதும் அதற்குள் அடங்கும். முதலாவதில் நீங்கள் தேறியிருப்பீர்கள், இரண்டாவதில் தேறியிருக்க மாட்டீர்கள். தலைப்பு இரண்டையும் கூட்டி "பரவாயில்லை" என்று காட்டும். தனிவட்டி, கூட்டுவட்டி ஆகியவற்றின் வித்தியாசக் கணக்கையும் இதே போலத் தனி வகையாகப் பிரித்து எழுதுங்கள்.

காரணத்துக்கு நான்கு சொற்களுக்கு மேல் வேண்டாம்: வழி தெரியவில்லை, வாசிப்பு, கணக்கீடு, நேரம். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்து வரிகளை எடுத்து இந்த நான்கையும் எண்ணிப் பாருங்கள். "வழி" மிகுந்தால் அந்த வகையைப் பாடப்புத்தகத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும்; மேலும் நூறு கணக்குப் போடுவதால் அது தீராது. "கணக்கீடு" மிகுந்தால் வாய்ப்பாடும் பின்னங்களும் வர்க்க எண்களும்தான் மருந்து. "வாசிப்பு" மிகுந்தால், கேட்கப்பட்டதை (மொத்த நாளா, மீதி நாளா, குமார் வேலை செய்த நாளா) அடிக்கோடிட்ட பிறகே பேனாவை எடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் எழுதாமல் விட்டால் எல்லாத் தவறும் "இன்னும் பயிற்சி வேண்டும்" என்ற ஒரே முடிவில் போய் நிற்கும். அது பெரும்பாலும் தவறான முடிவு.

இனி, அட்டவணைகள் கைவிடப்படும் காரணத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன கணக்குப்படி, 0-இல் தொடங்கி ஒவ்வொரு நிலையாக ஏறி, ஒரு முறைகூடப் பின்வாங்காத கணக்கே 4 மறுபார்வை கேட்கிறது. தினமும் 5 கணக்குகளைப் புதிதாக ஏற்றினால், ஒரு மாதம் கடந்தபின் நாளொன்றுக்குச் சுமார் 20 மறுபார்வைகள் நிற்கும்; 2 நிமிடம் வீதம் 40 நிமிடம். பத்தாக ஏற்றினால் 80 நிமிடம், அதற்குமேல் புதிய தாள் எழுத நேரமே இருக்காது. ஆகவே நேரத்துக்குள் சரியாக வந்தவற்றை அட்டவணையில் ஏற்றவே வேண்டாம், தவறியவற்றிலும் நாளுக்கு ஐந்தை மட்டும் ஏற்றுங்கள். ஒரே வகையில் மூன்று தவறியிருந்தால் ஒன்று போதும். இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால், குவிந்திருப்பதை ஒரே நாளில் தீர்க்க முயலாமல், 0 நிலையில் இருப்பவற்றை முதலில் எடுத்து, மற்றவற்றின் தேதியை இரண்டிரண்டு நாளாகத் தள்ளி எழுதுங்கள்.

நோட்டே போதுமானது. கைப்பேசியில் கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துவதாக இருந்தால், தேதி A பத்தியிலும் நிலை E பத்தியிலும் இருக்கும்படி அமைத்து, முதல் வரியில் தலைப்புகளை எழுதி, அடுக்கும்போது அது நகராதபடி அதை Freeze செய்து, இரண்டாம் வரியின் G பத்தியில் இதை எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள். தேதி தானாக வரும்.

```
=IF(A2="","",A2+CHOOSE(E2+1,1,3,7,21))
```

தேதிக்குப் பதிலாக ஐந்து இலக்க எண் வந்தால் சூத்திரத்தில் பிழை இல்லை; அந்தப் பத்தியின் வடிவத்தை "தேதி" என்று மாற்றினால் சரியாகும். காலையில் G பத்தியை ஏறுவரிசையில் அடுக்கினால், அன்று பார்க்க வேண்டியவை முன்னே வந்து நிற்கும். ஒரு கணக்கின் பழைய வரிகளையும் அடுக்கு கூடவே இழுத்து வரும் என்பதால், புதிய வரி எழுதியவுடன் பழைய வரியின் G-ஐ மட்டும் அழித்துவிடுங்கள்.

தேர்வுக்கு 40 நாள்தான் இருக்கிறது என்றால் 21-க்குப் பதில் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள், சூத்திரத்திலும் அப்படியே மாற்றுங்கள். கடைசிப் பத்து நாளில் புதிய வரி எதையும் ஏற்ற வேண்டாம். அப்போது ஏறும் கணக்குக்கு மறுநாள், 3 நாள் என்ற முதல் இரண்டு சுற்றுக்கு மேல் இடம் கிடைக்காது. அந்த நாட்களில் இரண்டு முறைக்கு மேல் 0 வாங்கிய வகைகளை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொன்றிலும் எண் மாற்றிய ஒரு கணக்கும் வடிவம் திருப்பிய ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். அப்போதும் 2 நிமிடத்தைத் தாண்டும் வகை ஏதேனும் இருந்தால், தேர்வறையில் அதை முதல் சுற்றில் தொடாமல் கடைசியில் எடுப்பது என்று இப்போதே முடிவு செய்துவிடலாம்.