"சும்மா விடக்கூடாது" என்று மேடையில் சொன்னால் தேசத் துரோகமா?

கேள்வி: வணக்கம் மேடம். நிலம் கையகப்படுத்துவதை எதிர்த்து நடந்த கூட்டத்தில் பேசினேன். "இந்த அரசு மக்களை ஏமாற்றுகிறது, இதைத் தூக்கி எறிய வேண்டும்" என்றேன். "அளக்க வருகிற அதிகாரிகளைச் சும்மா விடக்கூடாது" என்றும் சொன்னேன். அந்தக் கடைசி வரியை மட்டும் யாரோ வெட்டி வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. தேசத் துரோக வழக்கு வரும், வீடியோவை அழித்துவிட்டு வந்து பாருங்கள் என்கிறார்கள். நான் உள்ளே போக வேண்டியிருக்குமா? அடுத்த கூட்டத்தில் பேசலாமா?

பதில்: முதலில் ஒன்று. வீடியோவை அழிக்காதீர்கள். போனில் யார் சொன்னாலும் சரி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் பேசியதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. அரசைத் தூக்கி எறிய வேண்டும் என்றது காதுக்குப் பெரிதாகக் கேட்கும். சட்டத்தில் அதற்கு எடை குறைவு. அதிகாரிகளைப் பற்றிச் சொன்னது சாதாரணப் பேச்சுபோல இருக்கும். உங்கள் பிரச்சினை முழுக்க அதில்தான் இருக்கிறது.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவுதான் தேசத் துரோகப் பிரிவு. 1908-ல் வ.உ.சி.யைச் சிறைக்கு அனுப்பியது அதுதான். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைப் பயன்படுத்தாமல் நிறுத்தி வைக்கச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததும், பிரிவினை, ஆயுதக் கிளர்ச்சி, நாசவேலை ஆகியவற்றைத் தூண்டுவதும், நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவிப்பதும் 152-வது பிரிவில் குற்றமாயின. தண்டனை ஆயுள் வரை போகலாம். "அரசின் மீது வெறுப்பை உண்டாக்குதல்" என்ற பழைய வாசகம் இதில் இல்லை. அரசின் நடவடிக்கையைச் சட்டவழியில் மாற்ற வேண்டும் என்று கண்டித்துப் பேசுவது குற்றமாகாது என்று பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. ஒரு நிலத்துக்கான போராட்டத்தில் ஆளும் அரசைத் தூக்கி எறியச் சொல்வதை இந்தப் பிரிவுக்குள் இழுப்பது கஷ்டம். அரசு வேறு, நாடு வேறு. தேர்தலில் எல்லாக் கட்சியும் இதே வசனத்தைத்தான் பேசுகிறது.

ஆனாலும் 152-ஐ நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். "நாசவேலை" என்றால் என்ன என்று அது விளக்கவில்லை. வார்த்தை அகலமாக இருந்தால் எஃப்.ஐ.ஆர். போடுகிறவருக்கு வசதி. வழக்கு கடைசியில் நிற்காது என்பதும், அதுவரை நீங்கள் அலைய வேண்டியிருக்கும் என்பதும் இரண்டும் உண்மைதான்.

கோடு எங்கே என்பதைக் காட்டும் இரண்டு தீர்ப்புகளைப் பாருங்கள். பிஹாரில் பரௌனியில் 1953-ல் கேதார்நாத் சிங் என்பவர் பேசினார். சி.ஐ.டி.காரர்களை நாய்கள் என்றார், ஆளுங்கட்சிக்காரர்களை ரவுடிகள் என்றார், வரப்போகும் புரட்சியின் தீயில் முதலாளிகளும் ஜமீன்தார்களும் காங்கிரஸ் தலைவர்களும் சாம்பலாவார்கள் என்றார். 1962-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, கடுமையான விமர்சனம் தேசத் துரோகம் ஆகாது, வன்முறையைத் தூண்டும் அல்லது பொது ஒழுங்கைக் குலைக்கும் நோக்கமோ போக்கோ பேச்சில் இருக்க வேண்டும் என்றது. இன்றுவரை எல்லா வக்கீல்களும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். அவர்கள் சொல்ல மறப்பது, கேதார்நாத்தின் மேல்முறையீடு தள்ளுபடியானது என்பதை. கொள்கை பேச்சுரிமைக்குச் சாதகமாக வந்தது, ஆள் தப்பவில்லை. "தீ", "சாம்பல்" என்று பேசுகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது பல்வந்த் சிங் வழக்கு. 1984 அக்டோபர் 31, இந்திரா காந்தி கொல்லப்பட்ட அதே நாள், சண்டிகரில் ஒரு சினிமா தியேட்டர் வாசலில் இரண்டு அரசு ஊழியர்கள் "காலிஸ்தான் ஜிந்தாபாத்" என்று கோஷம் போட்டார்கள். பிரிவினைக் கோஷம், அதுவும் அந்த நாளில். கீழ் நீதிமன்றம் தண்டித்தது. 1995-ல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஓரிரு முறை கத்தினார்கள், அவர்களோடு யாரும் சேரவில்லை, எந்தக் கலவரமும் நடக்கவில்லை. அது போதும் என்றது நீதிமன்றம்.

ஆக, வார்த்தை எவ்வளவு சூடு என்பது மட்டும் அளவுகோல் இல்லை. யாரிடம் சொன்னார், என்ன செய்யச் சொன்னார், கேட்டவர் அதைச் செய்யும் இடத்தில் இருந்தாரா, சொன்னதற்கும் செய்வதற்கும் எவ்வளவு தூரம்? 1989-ல் ஒரு தமிழ்ப் படத்தின் தணிக்கை வழக்கில் உச்ச நீதிமன்றம், பேச்சு வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறிபோல் ஆபத்தோடு நேரடியாக ஒட்டியிருக்க வேண்டும் என்றது. பின்னால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்த 2015-ன் ஷ்ரேயா சிங்கல் தீர்ப்பு, விவாதிப்பது, ஒரு கருத்துக்காக வாதாடுவது, தூண்டிவிடுவது என்று மூன்றாகப் பிரித்து, மூன்றாவதுக்கு வரும்போதுதான் சட்டம் கை வைக்கலாம் என்றது.

இப்போது உங்கள் வரிக்கு வருவோம். "சும்மா விடக்கூடாது." நம் பேச்சில் இதற்குப் பத்து அர்த்தம். கேள்வி கேட்காமல் விடக்கூடாது என்பதும் அதுதான், கையை உடைக்காமல் விடக்கூடாது என்பதும் அதுதான். எந்த அர்த்தம் என்பதை முன்னும் பின்னும் நீங்கள் சொன்னவைதான் தீர்மானிக்கும். "அளக்க வந்தால் ஆர்டரைக் காட்டச் சொல்லுங்கள், மனு கொடுங்கள், சும்மா விடக்கூடாது" என்று பேசியிருந்தால் அது வாதாடுவது. "போன தடவை வந்தவனை விரட்டினோமே, இந்தத் தடவை சும்மா விடக்கூடாது" என்றிருந்தால் அது தூண்டுதலை நோக்கி நகர்கிறது. அதிகாரிகள் எதிரில் நிற்கும்போது, கம்பு வைத்திருக்கிற கூட்டத்திடம் சொல்லியிருந்தால் இன்னும் மோசம். ஒரே வரி, மூன்று வழக்கு.

உங்கள் மீது நிஜமாகவே வரக்கூடிய பிரிவுகள் 152-க்கு வெளியே இருக்கின்றன. 353(1), பொது அமைதிக்கு எதிரான குற்றத்தைச் செய்யத் தூண்டக்கூடிய பேச்சு. 351, மிரட்டல். நான் அதிகம் கவலைப்படுவது 57-ஐப் பற்றி. பொதுமக்களை அல்லது பத்துப் பேருக்கு மேற்பட்டவர்களைக் குற்றம் செய்யத் தூண்டுவது அது. தூண்டப்பட்டவர் எதுவும் செய்யாவிட்டாலும் தூண்டியவர் மாட்டுவார். "அதுதான் ஒன்றும் நடக்கவில்லையே" என்ற வாதம் 152-ல் நன்றாக எடுபடும், 57-ல் அவ்வளவு எடுபடாது. 196, அதாவது இரு பிரிவினரிடையே பகை மூட்டுவது, உங்களுக்குப் பொருந்தாது. மதம், சாதி, மொழி போல இரண்டு சமூகங்கள் வேண்டும்; நில அளவை அதிகாரிகள் ஒரு சமூகம் இல்லை.

சரி, வீடியோ. வெட்டிய துண்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது உங்களைக் காப்பாற்றக்கூடியது முழுப் பதிவு ஒன்றுதான். அதை அழித்தால், சாட்சியத்தை அழித்த குற்றம் (238, 241) தனியாக வந்து சேரும். பேச்சு வழக்கில் தப்பித்து, அழித்த வழக்கில் மாட்டுவது எவ்வளவு அபத்தம்! எடுத்த போனிலேயே பதிவை அப்படியே விட்டுவையுங்கள், வேறு இடத்தில் ஒரு பிரதி வையுங்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைக் காட்ட, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில் சான்றிதழ் தேவைப்படும், அதற்கு யார் எந்தக் கருவியில் எடுத்தார் என்பது தெரிய வேண்டும். போலீஸ் போனைக் கேட்டால் மறைக்க வேண்டாம், ஆனால் கைப்பற்றியதற்கான மகஜர் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

ஸ்டேஷனுக்குப் போவதா? போன் அழைப்புக்குச் சட்ட பலம் இல்லை. அதற்காகப் போகாமலே இருப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. "எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், வக்கீலோடு வருகிறேன்" என்று எழுத்தில் பதில் சொல்லுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் எந்தப் பிரிவில் நோட்டீஸ் வருகிறது என்று பாருங்கள். 179 என்றால் உங்களைச் சாட்சியாக அழைக்கிறார்கள். 35(3) என்றால் நீங்கள் சந்தேக நபர். ஆனால் நோட்டீஸுக்கு ஒழுங்காக ஆஜரானால், எழுத்தில் காரணம் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் 35 நோட்டீஸ் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் சொல்லிவிட்டது. போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

எஃப்.ஐ.ஆர். இன்னும் பதிவாகவில்லை என்றால் உங்கள் வக்கீல் அதே நடைமுறைச் சட்டத்தின் 173(3)-ஐக் குறிப்பிட்டு ஒரு மனு கொடுக்கட்டும். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்கிறது அது. 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில், பேச்சு சம்பந்தப்பட்ட புகார்களில் இந்த வழியைப் பயன்படுத்துவதே பொருத்தம் என்றது உச்ச நீதிமன்றம். பேச்சின் விளைவைத் திடமான, தைரியமான மனிதரின் பார்வையில் எடை போட வேண்டும், எதிலும் ஆபத்தைக் காண்கிற பலவீனமான மனதின் பார்வையில் அல்ல என்றும் அதில் இருக்கிறது. முழுப் பதிவோடு இந்தத் தீர்ப்பையும் இணைத்துக் கொடுத்தால், பல புகார்கள் அங்கேயே முடிந்துபோகும்.

பதிவாகிவிட்டது என்றால், 353 ஜாமீனில் விடக்கூடிய குற்றம் இல்லை என்பதால், தாமதிக்காமல் நடைமுறைச் சட்டத்தின் 482-ல் முன்ஜாமீன் கேட்க வேண்டும். 152 சேர்ந்திருந்தால் இன்னும் அவசரம். அப்புறம், 152, 353(1) இரண்டிலும் அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்க முடியாது என்கிறது நடைமுறைச் சட்டத்தின் 217. அனுமதிக் கடிதம் இல்லாமல் வரும் குற்றப்பத்திரிகையை உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கேட்கலாம். 57-க்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதைத் தனியாகப் பதிவு செய்கிறார்களா என்று கவனியுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். அரசைப் பற்றி எவ்வளவு காரமாக வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் அதிகாரிகளைப் பற்றிச் சொல்லும்போது அவர்கள் வந்தால் மக்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை அதே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்: ஆவணத்தைக் கேளுங்கள், போட்டோ எடுங்கள், ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள் என்று. அப்போது வெட்டினாலும் சேர்ந்தே வரும். கூட்டத்திலிருந்து யாராவது "அடிக்கணும்" என்று கத்தினால் கேட்காததுபோலத் தாண்டிப் போகாமல், மைக்கிலேயே "அது வேண்டாம்" என்று சொல்லுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பதிவாக எடுக்க ஒருவரை நிறுத்துங்கள். சான்றிதழில் கையெழுத்துப் போடப் போகிறவர் அவர்தான் என்பதால், நாளை நீதிமன்றத்துக்கு வரத் தயாரானவராக இருக்கட்டும்.