பாராட்டா, குத்தலா?

"என் அறிக்கையைப் படித்த சக ஊழியர், 'பரவாயில்லையே, இந்த முறை புரியும்படி எழுதியிருக்கீங்க. ஒருவழியா அனுப்பினதுக்கு நன்றி' என்றார். இது பாராட்டா?"

குத்தல் என்றுதான் எனக்குப் படுகிறது. 'இந்த முறை' என்பதை எடுத்துவிட்டுப் படியுங்கள், ஓரளவு நல்ல பாராட்டுதான். அதைச் சேர்த்ததும், முன்பு எழுதியதெல்லாம் புரியவில்லை என்ற குற்றச்சாட்டு சொல்லாமலேயே உள்ளே வந்துவிடுகிறது. நீங்கள் நன்றி சொன்னால் அதையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். 'ஒருவழியா' என்பதும் அப்படித்தான், நன்றிக்குள் தாமதப் புகார். ஆனால் நிஜமாகவே தாமதமாக அனுப்பியிருந்தால், அது வெறும் சலிப்பாகவும் இருக்கலாம். அவர் எல்லோரிடமும் இப்படித்தான் பேசுகிறாரா என்றும் கவனியுங்கள்.

சந்தேகம் தீர, "முந்தைய அறிக்கையில் எந்த இடம் புரியவில்லை?" என்று இயல்பாகக் கேட்டுவிடுங்கள். அக்கறையோடு சொன்னவர் இடத்தைக் காட்டுவார். குத்தியவர் பெரும்பாலும் "சும்மா சொன்னேன்" என்று நழுவுவார்.