நெட் மந்தமா இருக்கும்போது ஆடியோ செக் பண்றது எப்படி?

“வீடியோ கால் ஆரம்பிச்சதும் ‘ஹலோ, கேக்குதா?’ன்னு நாலு தடவை கேட்க வேண்டியிருக்கு. நான் எரிச்சல்படறேன்னு எதிர்ல இருக்கறவங்க நினைக்கறாங்க.”

முதல்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டு சேருங்க. குரலுக்கு நொடிக்கு 100 கிலோபிட்டுக்குள்ளயே போதும். படத்துக்குப் பல மடங்கு வேணும். குரல் நிலைச்ச பிறகு படத்தைப் போட்டுப் பார்க்கலாம்.

இந்தச் சிக்கலுக்கு முக்கியக் காரணம் தாமதம்தான். மந்தமான நெட்ல உங்க கேள்வி போய்ப் பதில் திரும்ப ரெண்டு நொடிகூட ஆகலாம். அதுக்குள்ள நீங்க மறுபடி “ஹலோ”ங்கறீங்க, அவங்க பதில் அதோட மோதுது, ரெண்டு பேரும் நிறுத்திடறீங்க. அதனால ஒரு தடவை கேட்டுட்டு, மனசுக்குள்ள நிதானமா அஞ்சு எண்ணுங்க. குரலை உயர்த்தாதீங்க, கத்தினா நெட் வேகமாகாது, எரிச்சல் மட்டும்தான் போய்ச் சேரும்.

“கேக்குதா?”ன்னு கேட்டா “ம்” மட்டும்தான் வரும். இப்படிக் கேளுங்க: “என் பக்கம் நெட் கொஞ்சம் மந்தம். என் குரல் சீரா வருதா, விட்டு விட்டு வருதா?” பழி உங்க பக்கம் இருக்கறதால யாருக்கும் உறுத்தாது. விட்டு விட்டுன்னா பெரும்பாலும் நெட். சுத்தமா வரலைன்னா மைக் மியூட்டையும் அனுமதியையும் பாருங்க. உங்க குரலே உங்களுக்குத் திரும்பக் கேட்டா, பெரும்பாலும் அவங்க ஸ்பீக்கர் சத்தம் அவங்க மைக்ல ஏறுது; ஹெட்போன் போடச் சொல்லுங்க.

அஞ்சு எண்ணியும் பதில் இல்லைன்னா சாட்ல தட்டுங்க: “உங்க குரல் வரலை, மைக் ஆன்ல இருக்கா பாருங்க.” தொலைஞ்ச எழுத்து திரும்ப அனுப்பப்படும். குரல் பெரும்பாலும் போனா போனதுதான்.