சோபா இடுக்கில் விழும் சிகரெட்

கேள்வி: அப்பா சோபாவில் சாய்ந்துகொண்டே சிகரெட் பிடிக்கிறார், அப்படியே தூங்கியும் விடுகிறார். அந்தச் சின்னக் கங்கு சோபாவையே எரித்துவிடுமா?

எரித்துவிடும். ஆனால் உடனே கொழுந்துவிட்டு எரியாது, ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

சமதளமான துணிமேல் விழுந்த சிகரெட் பல நேரம் ஓட்டை போட்டுவிட்டு அணைந்துவிடும். அதுவே இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே இடுக்கில் விழுந்தால் சூடு வெளியேற வழியில்லை. பஞ்சு தணலாகக் கனன்று உள்ளுக்குள்ளேயே பரவும். அரை மணி, ஒரு மணி, சில சமயம் அதற்கும் மேல் புகை மட்டும்தான் வரும். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு தூங்குபவரை எழவிடாது. கனல் தீயாக மாறி ஃபோமைப் பிடித்தால் சில நிமிடங்களில் அறையே போய்விடும்.

அதனால் படுக்கையிலும் சோபாவிலும் பிடிக்கவே கூடாது. குடித்திருந்தாலோ தூக்க மாத்திரை போட்டிருந்தாலோ இன்னும் கறாராக இருங்கள். பால்கனியில் ஒரு நாற்காலி, பக்கத்தில் பாதி மணல் நிரப்பிய கனமான கிண்ணம், அது போதும். சோபா கையில் ஆஷ்ட்ரே வைப்பது கவிழ்வதற்கென்றே வைப்பது. துண்டுகளைத் தண்ணீரில் நனைத்த பிறகே குப்பையில் போடுங்கள். அப்புறம், படுக்கப்போகும் முன் சோபா இடுக்கைத் தடவிப் பாருங்கள். சூடோ, கருகல் வாசனையோ இருந்தால் மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி நிம்மதியாகிவிடாதீர்கள், உள்ளே கனல் மிஞ்சும். புகை வருகிறதென்றால் எல்லோரும் வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு 101ஐ அழையுங்கள்.