குடும்பக் குழுவில் கட்சிச் சண்டை

"கிளிநொச்சி மாமாவும் கனடாச் சித்தப்பாவும் குடும்ப வட்ஸ்அப் குழுவில் தேர்தல் சண்டை பிடிக்கிறார்கள். எப்படி நிறுத்தச் சொல்வது?"

தங்கச்சி, குழுவில் வைத்துக் கேட்காதீர்கள். எல்லாருக்கும் முன்னால் சொன்னால் ரோசம் வந்துவிடும்.

எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினைதான். 2009இல் மகனை இழந்த பெரியம்மா அதையெல்லாம் வாசித்துவிட்டு இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை. நான் சண்டை பிடித்த இருவருக்கும் தனித்தனியாகக் கோல் எடுத்தேன். யார் பக்கம் சரி என்ற கதைக்கே போகாமல், பெரியம்மாவின் நிலையை மட்டும் சொன்னேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்கள் சித்தப்பாவுக்கு இங்கே மாலை ஆறு மணிக்கு எடுங்கள், அங்கே காலை. இரவில் களைத்திருப்பார், கோபம்தான் வரும்.

அப்புறம், அரசியலுக்கென்று வேறு குழு ஒன்று தொடங்கிக் கொடுங்கள். பழைய குழுவை நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி பூட்டிவிடாதீர்கள். அம்மம்மா அனுப்பும் குரல் பதிவும் நின்றுவிடும்.