அப்பாவுக்குக் கடிதம்: நேரக்கணக்கை எழுதுங்கள்

"திருச்சியில் பத்தாவது படிக்கிறேன். சனி, ஞாயிறு தஞ்சாவூரில் செஸ் போட்டி. அப்பா விட மாட்டேன் என்கிறார். கடிதத்தில் என்ன எழுதினால் சம்மதிப்பார்?"

தம்பி, ஆசையை இரண்டு வரியில் சொல்லிவிட்டு மீதி முழுக்க நேரத்தை எழுதுங்கள். ஆளுக்கு 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல் என்றால், 60 நகர்த்தல் போகும் ஆட்டத்தில் ஒருவருக்கே 2 மணி நேரம் வருகிறது. இருவருக்கும் சேர்த்து 4 மணி நேரம். ஆகவே 3 மணிக்குத் தொடங்கும் கடைசிச் சுற்று 7 மணி வரை இழுக்கலாம் என்றே எழுதுங்கள். "6 மணிக்கு வந்துவிடுவேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு நான் இரவு பத்துக்கு வாசலில் போய் நின்றேன். அடுத்த அனுமதிக்கு ஒரு வருடம் ஆனது. சுவிஸ் முறையில் தோற்றாலும் எல்லாச் சுற்றும் ஆடலாம், அதனால் சீக்கிரம் திரும்புவோம் என்றும் எண்ண வேண்டாம்.

அப்புறம் போன். அரங்கில் அது கையில் இருப்பது தெரிந்தால் ஆட்டமே போய்விடும். அம்மா பத்து முறை கூப்பிட்டு, எடுக்காவிட்டால் பதறிவிடுவார். இப்படி எழுதுங்கள்:

"அப்பா, ஆட்டம் நடக்கும்போது போன் அணைந்திருக்கும். ஒவ்வொரு சுற்றும் முடிந்து வெளியே வந்ததும் நானே கூப்பிடுகிறேன். இரவு சித்தி வீட்டில் தங்குகிறேன். ஞாயிறு 7 மணிக்கு மேல் கிளம்புவேன், பஸ் ஏறியதும் சொல்கிறேன்."

தங்குமிடத்தை முதலில் உறுதி செய்துகொண்டு, நுழைவுக் கட்டணம், பஸ், சாப்பாட்டுச் செலவைக் கடைசியில் கூட்டிக் காட்டுங்கள்.