ரிட்டர்ன் ஏற்றி ஏழு மாதம்: பெங்களூருக்கு எழுதும் முன் ஒரு வரியைப் பாருங்கள்

கேள்வி: நான் ஓய்வூதியதாரர், வயது 71. சென்ற நிதியாண்டில் ஓய்வூதியம் 4,00,000 ரூபாய், வைப்பு நிதி வட்டி 1,60,000 ரூபாய். வங்கி 16,000 ரூபாய் வரி பிடித்துவிட்டது. அதைத் திரும்பப் பெற 2025 ஜூலை 24 அன்று இணையத்தில் ரிட்டர்ன் ஏற்றினேன். ஏற்றப்பட்டதாக மின்னஞ்சலும் வந்தது. ஐடிஆர்-வி படிவத்தில் கையெழுத்திட்டுச் சாதாரணத் தபாலில் பெங்களூருக்கு அனுப்பினேன். பிப்ரவரி முடியப் போகிறது, பணமும் வரவில்லை, பதிலும் இல்லை. செயலாக்க மையத்துக்குப் புகார் எழுதலாமா? எப்படி எழுதுவது?

பதில்: எழுதலாம். ஆனால் எழுதுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்து ஒன்றைப் பார்த்துவிடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்குத் தோன்றிய சந்தேகம், ரிட்டர்ன் அங்கே தாமதமாகிக் கிடக்கவில்லை, அவர்கள் கைக்கே இன்னும் போகவில்லை என்பதுதான்.

incometax.gov.in தளத்தில் உங்கள் பான் எண்ணைக் கொடுத்து உள்ளே போங்கள். மேலே e-File, அதில் Income Tax Returns, அதில் View Filed Returns. ஒவ்வொரு மதிப்பீட்டு ஆண்டுக்கும் ஒரு பெட்டி இருக்கும். 2025-26 என்ற பெட்டியில் ரிட்டர்ன் கடந்து வந்த படிகள் தேதியோடு தெரியும். நீங்கள் பார்க்க வேண்டியது ஒரே ஒரு படியை: சரிபார்ப்பு முடிந்துவிட்டதா, இல்லையா. Successfully e-Verified என்றோ Successfully Verified என்றோ இருந்தால் சரிபார்ப்பு முடிந்தது. verification என்ற சொல்லோடு pending என்ற சொல் சேர்ந்து நின்றால், ஏழு மாதமாக யாரும் உங்கள் கணக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று பொருள்.

ஏற்றுவது என்பது காசோலையை எழுதி மேசையில் வைப்பது போன்றது. கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. வருமான வரியில் அந்தக் கையெழுத்துக்குப் பெயர் சரிபார்ப்பு. ஆதார் ஓடிபி, நெட் பேங்கிங் போன்ற வழிகளில் மின்னணு முறையில் செய்யலாம். அல்லது நீங்கள் செய்தது போல ஐடிஆர்-வியில் பேனாவால் கையெழுத்திட்டு பெங்களூரு 560500-இல் உள்ள மையப்படுத்தப்பட்ட செயலாக்க மையத்துக்கு அனுப்பலாம். இதற்கான கெடு முன்பு 120 நாட்களாக இருந்தது. 2022 ஆகஸ்ட் 1 முதல் ஏற்றப்படும் ரிட்டர்ன்களுக்கு அது 30 நாட்கள். பழைய 120 நாள் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இன்றும் பலர் ஏமாறுகிறார்கள். அந்த 30 நாட்களும் படிவம் மையத்தில் போய்ச் சேரும் தேதியை வைத்துத்தான் எண்ணப்படும். உங்களுக்கு அது ஆகஸ்ட் 23-உடன் முடிந்துவிட்டது.

சாதாரணத் தபாலில் அனுப்பியது தவறு அல்ல. ஆனால் போய்ச் சேர்ந்தது என்பதற்கு உங்களிடம் சாட்சி இல்லை. படிவம் போய்ச் சேர்ந்தும் ஏற்கப்படாமல் போவதுண்டு: கையெழுத்து விடுபட்டிருக்கும், பார்கோடு மங்கலாக அச்சாகியிருக்கும், அல்லது வேறு தாளை அனுப்பியிருப்பார்கள். என்னிடம் வந்த ஒருவர் ஐடிஆர்-விக்குப் பதிலாக வரிக் கணக்கீட்டுத் தாளில் அழகாகக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு ஆறு மாதம் காத்திருந்தார். படிவம் ஏற்கப்பட்டிருந்தால் உங்கள் மின்னஞ்சலுக்கு ரசீது வந்திருக்கும். ஜூலையில் வந்தது ஏற்றியதற்கான அஞ்சல் மட்டுமே. சரிபார்ப்புக்கு வரவேண்டியது இரண்டாவது அஞ்சல். அது வந்ததாக நீங்கள் சொல்லவில்லை.

ஆகவே சரிபார்ப்பு நிலுவை என்றே தளம் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். இந்த நிலையில் ‘பணம் ஏன் வரவில்லை’ என்று புகார் எழுதினால், ‘உங்கள் ரிட்டர்ன் சரிபார்க்கப்படவில்லை’ என்ற ஒற்றை வரியோடு புகாரை மூடிவிடுவார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். முதலில் கேட்க வேண்டியது தாமதத்துக்கான மன்னிப்பு. இதைத் துறை ‘காண்டொனேஷன்’ என்கிறது.

மீண்டும் e-File, Income Tax Returns வழியே போய் e-Verify Return என்பதைத் திறங்கள். கெடு கடந்துவிட்டதால் தாமதத்துக்கான காரணத்தைத் தளமே கேட்கும். பட்டியலில் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், Others என்பதில் உங்கள் காரணத்தை எழுதவும் செய்யலாம். நான் என்றால் எழுதுவேன். இத்தனாம் தேதி ஐடிஆர்-வியைத் தபாலில் அனுப்பினேன், மையத்தின் ரசீது வரவில்லை, எனக்கு வயது 71, இப்போதுதான் நிலுவை தெரிந்தது என்று உள்ளதைச் சொன்னால் போதும். உடல்நலக் குறைவு என்று பொய்க் காரணம் சொல்லி, நாளை மருத்துவச் சான்று கேட்டால் திண்டாடுவானேன்? காரணத்தைக் கொடுத்ததும் ஆதார் ஓடிபி வழியாகச் சரிபார்த்துவிடுங்கள். ஆதாரோடு கைபேசி எண் இணைந்திருக்கவில்லை என்றால் நெட் பேங்கிங் வழியே உள்ளே வாருங்கள், அல்லது தளத்தில் முன்பே உறுதிசெய்யப்பட்ட வங்கிக் கணக்கின் மூலம் குறியீட்டு எண் பெறுங்கள். இன்னொரு முறை தபால் வேண்டாம்.

தபாலில்தான் அனுப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், விண்ணப்பத்தை Services பகுதியில் உள்ள Condonation Request வழியாகத் தனியே தர வேண்டும். அங்கே தேர்ந்தெடுக்க வேண்டிய வகை Delay in submission of ITR-V. விண்ணப்பத்தின் நிலையையும் அதே இடத்தில் பார்க்கலாம். அதிகாரி அதை ஏற்ற பிறகுதான் உங்கள் ரிட்டர்ன் சரிபார்க்கப்பட்டதாகக் கொள்ளப்படும். அதுவரை வெறும் சரிபார்ப்பு மட்டும் பயன் தராது.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். புதிய வரி முறையில் ஓய்வூதியத்திலிருந்து நிலைக் கழிவு 75,000 போனால் 3,25,000. வட்டியைச் சேர்த்தால் மொத்த வருமானம் 4,85,000 ரூபாய். முதல் 3 லட்சத்துக்கு மேல் உள்ள 1,85,000-க்கு 5 சதவீதம் வரி 9,250. 87ஏ தள்ளுபடியால் அது முழுவதும் நீங்கிவிடும். எனவே 16,000 ரூபாயும் உங்களுக்கே வர வேண்டியது. ஆனால் தாமதமாகச் சரிபார்த்தால், சரிபார்த்த நாளையே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளலாம் என்பது விதி. அப்படிக் கொண்டால் 234எஃப் பிரிவின்படி தாமதக் கட்டணம் வரும். உங்கள் வருமானம் 5 லட்சத்தைத் தாண்டாததால் அது 1,000 ரூபாயோடு நிற்கும், தாண்டியிருந்தால் 5,000. திருப்பித் தரும் தொகைக்கு மாதம் அரை சதவீதம், அதாவது உங்களுக்கு மாதம் 80 ரூபாய், வட்டி உண்டு. ஆனால் தாமதம் உங்கள் பக்கம் நேர்ந்த மாதங்களுக்கு அந்த வட்டி கிடைக்காது. கையில் 15,000 வந்தாலும் பதற வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கே ஒரு தவறான யோசனையைத் தடுக்க வேண்டும். ‘பழையதை விட்டுவிட்டுப் புதிதாகத் தாக்கல் செய்துவிடலாமே’ என்று யாராவது சொல்வார்கள். இந்த ஆண்டுக்கான தாமத ரிட்டர்னின் கடைசி நாள் 2025 டிசம்பர் 31; அது போய்விட்டது. அதன் பிறகு திறந்திருக்கும் ஐடிஆர்-யு எனும் புதுப்பித்த ரிட்டர்னில் திரும்பப் பெறும் தொகை எதையும் கேட்க முடியாது. ஏற்கெனவே ஏற்றியதை உயிர்ப்பிப்பதுதான் உங்களுக்கு உள்ள நேர்வழி. மன்னிப்பு மறுக்கப்பட்டால் 119(2)(பி) பிரிவின்கீழ் முதன்மை ஆணையரிடம் கேட்கலாம். 2024 அக்டோபரில் வந்த சுற்றறிக்கைப்படி மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை, அதாவது உங்களுக்கு 2031 மார்ச் 31 வரை, அதற்கு அவகாசம் உண்டு. ஆனால் உண்மையான இடர்ப்பாடு இருந்தது என்று காட்ட வேண்டும், நாளும் பிடிக்கும்.

சரி, தளம் சரிபார்ப்பு முடிந்தது என்றே காட்டுகிறது, அதன் பிறகும் அசையவில்லை என்றால்? அப்போது தாமதம் அவர்கள் பக்கம். ஆனால் உங்கள் பொறுமைக்கும் சட்டத்தின் கெடுவுக்கும் இடைவெளி பெரிது. ரிட்டர்ன் தாக்கலான நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதங்களுக்குள், செயலாக்கம் முடிந்ததைச் சொல்லும் 143(1) அறிவிப்பை அனுப்ப வேண்டும். 2025 ஜூலையில் தாக்கலானதற்கு அது 2026 டிசம்பர் 31. உங்கள் சரிபார்ப்பு இப்போதுதான் முடிந்து, இந்த நாளே தாக்கல் நாளாக எடுத்துக்கொள்ளப்பட்டாலும் கெடு அதே நாள்தான், ஏனென்றால் இதுவும் அதே நிதியாண்டு; மார்ச் 31-ஐத் தாண்டினால் ஓராண்டு தள்ளிப்போகும்.

புகாருக்கு முன் Pending Actions பகுதியைத் திறந்து பாருங்கள். e-Proceedings-இல் பதில் கேட்டு ஏதாவது நோட்டீஸ் உறங்கிக்கொண்டிருக்கலாம். Response to Outstanding Demand-இல் பழைய ஆண்டின் நிலுவை ஒன்று நின்று, அதில் உங்கள் தொகையைச் சரிக்கட்ட அனுமதி கேட்டிருக்கலாம். குறைபாடுள்ள ரிட்டர்ன் என்ற நோட்டீஸ் வந்திருந்தால் 15 நாட்களில் பதில் தர வேண்டும். நிலை Case transferred to Assessing Officer என்று இருந்தால் பெங்களூருக்கு எழுதிப் பயனில்லை, உங்கள் எல்லைக்குட்பட்ட அதிகாரியிடம்தான் கேட்க வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் Grievances, Submit Grievance என்று போய்த் துறையாக CPC-ITR-ஐத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்தில், சுருக்கமாக. பான், மதிப்பீட்டு ஆண்டு, 15 இலக்க ஒப்புகை எண், ஏற்றிய தேதி, சரிபார்த்த தேதி, வரவேண்டிய தொகை, எந்த நோட்டீசும் நிலுவையில் இல்லை என்ற ஒரு வரி, கடைசியில் ‘ரிட்டர்னைச் செயலாக்குங்கள், இயலாவிட்டால் எதற்காக நிற்கிறது என்று தெரிவியுங்கள்’ என்ற கோரிக்கை. அந்தக் கடைசிப் பாதியை விட்டுவிடாதீர்கள். காரணம் கேட்காத புகாருக்கு ‘செயலாக்கத்தில் உள்ளது’ என்ற பதில்தான் வரும். நிலை தெரியும் திரையின் படத்தை இணையுங்கள். கிடைக்கும் புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். தொலைபேசியில் கேட்க 1800 103 0025, 1800 419 0025 என்ற கட்டணமில்லா எண்கள் உள்ளன. எழுத்தில் எண் வாங்கிய பிறகு பேசுவது நல்லது. பதில் திருப்தி தராவிட்டால், அதே எண்ணைக் குறிப்பிட்டு மத்திய அரசின் pgportal.gov.in தளத்தில் முறையிடலாம்.

செயலாக்கம் முடிந்ததும் மின்னஞ்சலில் வரும் அறிவிப்பு பிடிஎஃப் கடவுச்சொல் கேட்கும்: சிறிய எழுத்துகளில் பான், தொடர்ந்து பிறந்த தேதி எட்டு இலக்கங்களில், இடைவெளி இல்லாமல். திறந்ததும் இரண்டு நெடுவரிசைகள் இருக்கும். ஒன்றில் நீங்கள் சொன்னது, மற்றொன்றில் அவர்கள் கணக்கிட்டது. பிடித்த வரி என்ற வரிசையில் இரண்டிலும் 16,000 இருக்கிறதா என்று பாருங்கள்.